கரையேறத் தெரிந்த நாய்

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கருப்பன் விழுந்த இரவு நான் ஊரில்தான் இருந்தேன். எதையோ துரத்திக்கொண்டு ஓடியவன், கைப்பிடிச் சுவர் சரிந்து கிடந்த மூலையில் தவறியிருக்கிறான். மணி பத்தரை இருக்கும். குரைப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே முதலில் பிடிபடவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வரும் சத்தம் நாலாபக்கமும் கேட்கும். டார்ச் அடித்துப் பார்த்தபோது இருபதடி கீழே தண்ணீரில் இரண்டு கண்கள் மின்னின.

கருப்பன் நன்றாகவே நீந்திக்கொண்டிருந்தான். தலை மேலே இருந்தது, கால்கள் சீராகத் துழாவின. சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்தான். விழுந்த மூலைக்கு வந்ததும் நின்று இரண்டு முன்னங்கால்களாலும் சுவரைப் பிராண்டுவான். வழுக்கும். மறுபடி ஒரு சுற்று. எதிர்ப்பக்கம் படிக்கட்டின் கடைசிக் கல் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதை உரசிக்கொண்டுதான் போனான். அதுதான் மேலே போகும் வழி என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மோட்டாரு மெயின நிறுத்திப்போட்டு வாடா கண்ணு" என்றார் பெரியப்பா. "நிறுத்திட்டனுங்க பெரியப்பா" என்று நான் ஓடி வந்தபோது அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் துண்டோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். மூன்றாவது சுற்றில் துண்டைப் போட்டுப் பிடரியைப் பிடித்துவிட்டார். மேலே வந்த கருப்பன் உடம்பை உதறினான், வாலை ஆட்டினான், வைத்த தயிர்ச்சோற்றைத் தின்றான். நகங்களில் மட்டும் ரத்தம் கசிந்தது. பிழைத்துக்கொண்டான் என்று நாங்கள் படுக்கப் போனோம். மறுநாள் சாயங்காலம் மருத்துவரிடம் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு வந்த செவலைக்கு நீச்சல் பழக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது, கருப்பனுக்கு எது தெரியவில்லை என்பதிலிருந்துதான் தொடங்கினேன். நீந்தத் தெரியாமல் அவன் தவிக்கவில்லை. கரையேறத் தெரியாமல் தவித்தான். தண்ணீருக்குள் விழுந்த நாய், விழுந்த இடத்தில்தான் ஏறப் பார்க்கும். அந்த இடம் செங்குத்துச் சுவராக இருந்தாலும், பத்தடி தள்ளிப் படிக்கட்டு இருந்தாலும், சொந்தமாகக் கண்டுபிடிக்காது. ஆகவே நாய்க்கு நீச்சல் பழக்குவதில் முதல் பாடமும் கடைசிப் பாடமும் கரையேறுவதுதான்.

'நாய்க்கு யாரப்பா நீச்சல் சொல்லித் தரணும், கிணத்துல தூக்கிப் போட்டா தானா நீந்தும்' என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. தண்ணீர் பட்டதும் பெரும்பாலான நாய்கள் காலை அடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் கால் அடிப்பது வேறு, மிதப்பது வேறு. பழகாத நாய் பயத்தில் முன்னங்கால்களைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் தூக்கி அடிக்கும். தண்ணீர் நாலாபுறமும் தெறிக்கும். முன்பக்கம் எழும்ப எழும்பப் பின்பக்கம் தாழும். கொஞ்ச நேரத்தில் நட்டுவைத்த கட்டைபோல நிமிர்ந்து நிற்கும். இந்த நிலையில் எவ்வளவு அடித்தாலும் முன்னால் நகராது, சீக்கிரம் களைத்துப்போகும். நன்றாக நீந்தும் நாயைப் பாருங்கள். முதுகு தண்ணீர் மட்டத்துக்குக் கிடையாக இருக்கும். முன்னங்கால்கள் வெளியே தெரியாது, சத்தமும் வராது. வால் பின்னால் சுக்கான்போல நீண்டிருக்கும். சத்தமில்லாமல் போகிறதா, தெறிக்க அடிக்கிறதா என்பதை வைத்தே நாய்க்கு வந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

உடல்வாகும் பெரிய காரணம். லாப்ரடார் இனம் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழி வந்தது. தடித்த இரட்டை ரோமம், அடிபருத்த வால், விரல்களுக்கிடையே நன்றாகப் பரந்த சவ்வு என்று உடம்பே தண்ணீருக்குத் தோதாக இருக்கும். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் வெட்டவெளியில் முயல் துரத்தப் பிறந்தவை. உடம்பில் கொழுப்பு குறைவு, ரோமம் மெல்லியது. நீந்தும், ஆனால் தாழ்ந்து மிதக்கும், சீக்கிரம் குளிர்ந்துபோகும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை ஆழத்தில் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைக்க அவை தலையை அண்ணாந்து தூக்க வேண்டும். தூக்கினால் பின்பக்கம் தாழும். தாழ்ந்தால் மூழ்கும். டேஷண்ட் போலக் குட்டைக் கால் நாய்களுக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஆழத் தண்ணீர் ஆகாது.

லைஃப் ஜாக்கெட் மற்ற நாய்களுக்கும் முதல் சில நாட்களுக்கு நல்லதுதான். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். முதுகில் கெட்டியான கைப்பிடி தைத்திருக்க வேண்டும். மாட்டிய பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. அந்தக் கைப்பிடியைப் பிடித்துச் சற்றே தூக்கிப் பார்த்தால் நாய் நழுவாமல் நிற்க வேண்டும்.

செவலையை நான் கிணற்றில் பழக்கவில்லை. ஊர்க்குளத்தில் ஆடுமாடு தண்ணீர் குடிக்க இறங்கும் பக்கம் கரை தட்டையாகச் சரியும். அடியில் சரளை, சேறு இல்லை. அங்கே நான் முதலில் நடந்து பார்த்தேன். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆழம் படிப்படியாக ஏறுகிறதா, நடுவில் மண் எடுத்த குழி ஏதும் உண்டா என்று காலால் துழாவிப் பார்த்துக்கொண்டேன். படித்துறை அழகாக இருந்தாலும் பாசி படிந்த படியில் நாய்க்குக் கால் வழுக்கும். முதல் நாளே வழுக்கி விழுந்த நாயைத் திரும்ப இறக்குவது பெரும்பாடு.

அப்போது செவலைக்கு ஏழு மாதம். தடுப்பூசிகள் எல்லாம் போட்டு முடித்திருந்தேன். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டவில்லை, தண்ணீரில் அது கழுத்தை நெரிக்கும். உடம்போடு மாட்டும் வார்ப்பட்டையின் முதுகு வளையத்தில் இருபதடிக் கயிறு கட்டி முனையை என் கையில் வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் கணுக்கால் தண்ணீர்தான். நான் முன்னே நடக்க, அவன் பின்னே வர, திரும்பிக் கரைக்குப் போய் ஒரு துண்டு கருவாடு. மூன்றாம் நாள் அவன் வயிறு நனையும் அளவுக்குப் போனோம். அங்கே நின்று தயங்கினான். இழுக்கவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்று காத்திருந்தேன், திரும்பி வந்துவிட்டோம். வராத நாயைத் தூக்கிக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டால் அன்றோடு பாடம் கெட்டது. பயத்தில் உங்கள் தோள்மேல் ஏறப் பார்க்கும். நகம் முகத்தைக் கிழிக்கும்.

ஐந்தாம் நாள்தான் கால் தரையைவிட்டது. அந்த நேரத்தில் கை எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வித்தையின் நுட்பமே. நம்மையறியாமல் நெஞ்சுக்குக் கீழேதான் கையைக் கொடுப்போம். அப்படிக் கொடுத்தால் முன்பக்கம் இன்னும் எழும்பும், பின்பக்கம் இன்னும் தாழும். கை அடிவயிற்றில், பின்னந்தொடைகளுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அங்கே மெல்லத் தாங்கியதும் செவலையின் முதுகு கிடையானது. தெறிப்பு அடங்கியது. முன்னங்கால்கள் தண்ணீருக்குள் போயின. பத்துப் பன்னிரண்டு துழாவலுக்குள் கரை. முகம் எப்போதும் கரையைப் பார்த்தே இருக்கும்படி திருப்பிவைத்துத்தான் விடுவேன். அப்போதுதான் அவனுக்கு ஒவ்வொரு நீச்சலும் கரையில் போய் முடியும்.

ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், பிறகு கரையில் ஓய்வு, மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாய் தானாக நிறுத்தாது, நாம்தான் நிறுத்த வேண்டும். பின்பக்கம் தாழத் தொடங்கினாலோ, மறுபடி தெறிக்க அடித்தாலோ அது களைப்பு. மறுநாள் வால் அடியோடு தொய்ந்து, தொட்டால் வலிப்பதுபோல் ஒதுங்கினால் முந்தின நாள் அதிகமாகிவிட்டது என்று பொருள். வால் அடியிலுள்ள தசைகள் சோர்ந்துபோவதால் வருவது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும்.

நீந்த வந்த பிறகுதான் முக்கியமான வேலை தொடங்கியது. அதே குளத்தில் மூன்று வேறு இடங்களிலிருந்து அவனை இறக்குவேன். எங்கிருந்து இறக்கினாலும் ஆடுமாடு இறங்கும் துறையில் நின்று 'ஏறு' என்று கூப்பிடுவேன். அங்கே ஒரு மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தேன், தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அடையாளமாக. இரண்டு வாரத்தில் எங்கே விட்டாலும் தலையைத் திருப்பித் துணியைத் தேடினான். பிறகு அதே துணியையும் அதே சொல்லையும் கிணற்றுக்குக் கொண்டுபோனேன். கடைசிப் படியில் நான் உட்கார்ந்துகொள்ள, கயிறோடு அவனைத் தண்ணீரில் இறக்கி, படி ஏறப் பழக்கினேன். நான்கு பக்கத்திலிருந்தும், பத்து நாள். அதே படியைத்தான் கருப்பன் உரசிக்கொண்டு போனான்.

எல்லாக் கிணற்றுக்கும் படி இருப்பதில்லை. உறைக்கிணற்றில் நாய் ஏற வழியே கிடையாது. படியில்லாத கிணற்றில் பழைய லாரி டயர்களைக் கயிற்றில் கோத்துச் சுவரோரம் தொங்கவிடலாம். கடைசி டயர் தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடந்தால், விழுந்த நாய் அதில் முன்னங்காலைப் போட்டு ஆள் வரும்வரை தாக்குப்பிடிக்கும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றையும் இறக்க வேண்டும், அதை மறந்துவிடுகிறோம். நாய் விழுந்துவிட்டால் முதலில் மோட்டாரின் மெயினை நிறுத்துங்கள். பழைய வயரிலிருந்து கசியும் மின்சாரம் தண்ணீரில் இறங்குபவரைக் கொல்லும். அடுத்து, தண்ணீர் வற்றிய, நெடுநாள் புழங்காத கிணற்றில் யாரும் இறங்கக் கூடாது. அடியில் விஷவாயு தேங்கியிருக்கும். முதலில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்க, ஒரே கிணற்றில் பலர் இறந்துபோவது இப்படித்தான். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். பிராணவாயு குறைவாக இருந்தால் விளக்கு அணையும், ஆனால் எல்லா விஷவாயுவும் விளக்கை அணைக்காது.

இறங்காமலே நாயைத் தூக்கலாம். கயிற்றுக் கட்டிலின் நான்கு கால்களிலும் சம நீளத்தில் கயிறு கட்டி, கட்டில் தண்ணீருக்குக் கீழே ஒரு சாண் மூழ்கும்படி இறக்குங்கள். மிதந்தால் இரண்டு செங்கல்லைக் கட்டிவிடலாம். சுற்றி வரும் நாய் கட்டிலுக்கு மேலே வரும்போது நான்கு பேரும் ஒரே நேரத்தில் மெல்ல மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்த்தால் குதித்துவிடும். இதுவும் முடியாவிட்டால் 101-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையை வரச்சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை மிதக்கும் பலகையோ காற்றடைத்த டியூபோ கயிற்றில் கட்டிப் போட்டுவைத்தால் நாய்க்கு ஒரு பிடிப்பு கிடைக்கும்.

கிணற்றைவிட இப்போது என்னைப் பயமுறுத்துவது பண்ணைக்குட்டை. தண்ணீர் உறிஞ்சாமல் இருக்க அடியிலும் பக்கங்களிலும் பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறார்கள். நனைந்த விரிப்பில் பாசி படிந்துவிட்டால் மனிதனே ஏற முடியாது, நாயின் நகம் எங்கே பிடிக்கும்? சரிவு தெரிகிறது, கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனாலும் வழுக்கி வழுக்கி உள்ளே போய்விடும். மாற்று எளிது. குட்டையின் இரண்டு எதிர்ப்பக்கங்களிலாவது தடித்த கயிற்று வலையையோ தென்னைநார் விரிப்பையோ கரைமேல் முளையடித்துக் கட்டி, குட்டையின் அடிவரை தொங்கவிட வேண்டும். தவறி விழும் குழந்தைக்கும் அதுவே ஏணி.

ஏரியிலும் கண்மாயிலும் ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தை நாய் புல்தரை என்று நினைத்துக் காலை வைத்துவிடும். வேர்கள் காலைப் பின்னிக்கொள்ளும். அங்கே கயிறில்லாமல் விட வேண்டாம். கோடைக் கடைசியில் தேங்கிய தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஏடு படர்ந்திருந்தால் நாயை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அது நீலப்பச்சைப் பாசி. சிலவகை ஈரலையும் சிலவகை நரம்பையும் தாக்கும். குடிக்காவிட்டாலும், ரோமத்தில் ஒட்டியதை நக்கினாலே போதும். வாந்தி, எச்சில் வடிதல், நடுக்கம், தள்ளாட்டம் என்று சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தெரியும். மாற்று மருந்து கிடையாது. பட்டுவிட்டால் நக்கவிடாமல் நல்ல தண்ணீரில் உடனே கழுவி மருத்துவரிடம் ஓட வேண்டும். எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும். நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும்.

பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்லும் விளையாட்டில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வாயைத் திறந்தபடி நீந்தும் நாய் ஒவ்வொரு தடவையும் தண்ணீரை விழுங்குகிறது. அரை மணி நேரம் ஓயாமல் எறிந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும் அளவுக்கு விழுங்கிவிடலாம். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, போதையேறியதுபோல் தள்ளாடினால் களைப்பு என்று படுக்கவைத்துவிடாதீர்கள். அடுத்தது வலிப்புதான். உடனே மருத்துவமனை. உருண்டைப் பந்துக்குப் பதில் தட்டையான பொருளை எறிந்தால் வாய் அவ்வளவு திறக்காது.

கடலில் நிலைமை வேறு. கடலோரம் வளர்ந்தவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். காலையில் கட்டுமரத்துக்காரரிடம் 'இன்னிக்கு நீவாடு எப்படிண்ணே?' என்று கேட்டுவிட்டு இறங்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, மண் கலங்கி இருந்தால் அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடுகிறது. அமைதியைப் பார்த்து நாயை அங்கே இறக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மாட்டிக்கொண்ட நாய் உங்களை நோக்கி நேராகவே நீந்தும், ஓட்டத்தை எதிர்த்து, களைக்கும்வரை. பக்கவாட்டில் நீந்து என்று அதற்குச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் நகரலாம். கரையோரமாகவே ஐம்பது அறுபதடி தள்ளி ஓடி, அலை உடையும் இடத்துக்கு நேரே நின்று கூப்பிடுங்கள். உங்களை நோக்கித் திரும்பும் நாய் தானாகவே சாய்வாக நீந்தி இழுப்பிலிருந்து விலகும். குதிக்க வேண்டாம். குதித்தவர் போய், நாய் கரையேறிய கதை கடலோர ஊர்களில் உண்டு. மெரினாவில் மனிதர் குளிப்பதையே காவல்துறை தடுக்கிறது. அங்கே நாய்க்கு ஈரமணல் போதும்.

கடல்தண்ணீரைக் குடிக்கவிடாமல் இருக்கக் கால்மணிக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் காட்டுங்கள். வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை மீனை வாயில் வைக்கவிடாதீர்கள், அதன் விஷம் மூச்சை நிறுத்தும். கரையொதுங்கிய சொறியும் காய்ந்த பிறகுகூடக் கொட்டும். சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரைகளில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம்.

மூழ்கிய நாயை வெளியே எடுத்து மூச்சு இல்லையென்றால், பின்னங்காலைப் பிடித்துச் சுழற்றுவதில் பயனில்லை, நேரம்தான் போகும். வாயிலிருக்கும் சேற்றையும் இலையையும் விரலால் வழித்து, பக்கவாட்டில் கிடத்தி, வாயை இறுக மூடி, மூக்கின் வழியாக நெஞ்சு எழும்பும்வரை இரண்டு தடவை ஊதுங்கள். இதயத்துடிப்பு இல்லையென்றால் நெஞ்சில் அழுத்த வேண்டும். சிப்பிப்பாறைபோல் நெஞ்சு ஒடுங்கி ஆழ்ந்த நாய்க்கு முழங்கைக்குப் பின்னால், மற்ற பெரிய நாய்களுக்கு நெஞ்சின் அகன்ற இடத்தில். நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் முப்பது அழுத்தம், பிறகு இரண்டு ஊதல். இப்படியே விடாமல் செய்துகொண்டே வண்டியில் ஏற்றுங்கள்.

மூச்சு நிற்காமலே மீண்ட நாயை என்ன செய்வது என்பதைத்தான் நாங்கள் அன்று அறிந்திருக்கவில்லை. நுரையீரலுக்குள் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தாலும், அது உள்ளே பட்ட இடம் மெல்ல வீங்கி நீர்கோத்துக்கொள்ளும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை நாய் வாலாட்டும், சோறு தின்னும். ஆகவே தண்ணீரில் தத்தளித்த நாய் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நள்ளிரவில் வழியில்லையென்றால் துடைத்துக் கதகதப்பாகப் படுக்கவைத்து, தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முப்பதுக்குள் இருக்க வேண்டும். மணிக்கொரு முறை எண்ணும்போது எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலோ, இருமல் தொடங்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலம்பாய்ந்தோ தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

செவலை தூங்கும்போது சில நாள் எண்ணிப் பார்ப்பதுண்டு. பதினெட்டு, இருபது. கருப்பனுடையதை அன்றிரவு நாங்கள் யாரும் எண்ணவில்லை.